திங்கட்கிழமை மீட்டிங்குக்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு: மேலே இருப்பவரிடம் எப்படிக் கேட்பது?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற சாலையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பித்து என்று நாங்கள் சொல்லும் தென்னை நார்க்கழிவைக் காயவைத்து கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்கிற இடத்தில் நான் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். எங்களுக்கு வாராவாரம் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மீட்டிங். ஏழு பேர், ஐம்பது நிமிடம். அதை நிறுத்திவிட்டு எழுத்துக் குறிப்புக்கு மாறலாம் என்று முதலாளியிடம் கேட்டு, ஒப்புக்கொள்ளவும் வைத்தோம். முதல்முறை இப்படிக் கேட்கப் போகிறவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: அந்த மீட்டிங் ஏன் தொடங்கியது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்காதீர்கள். வாராந்திர மீட்டிங் எதுவும் சும்மா தொடங்கியிருக்காது. எப்போதோ ஒரு அடி விழுந்திருக்கும், அதற்குப் போட்ட கட்டுதான் இந்த மீட்டிங்.

எங்கள் கதையைக் கேட்டால் புரியும். ஒருநாள் லோடு ஏற்றக் கண்டெய்னர் வந்து நிற்கிறது, கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஈரம். பித்து சரியாகக் காயவில்லை என்பது களத்தில் இருந்தவர்களுக்கு முந்தின நாளே தெரியும். ஏற்றுகிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வண்டி வெறுமனே திரும்பியது, வாடகை தண்டம். அதற்கு அடுத்த திங்கட்கிழமை முதல் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார் முதலாளி.

ஆக, "மீட்டிங் வேண்டாம்" என்று நாம் சொன்னால் அவர் காதில் "அந்தக் கண்டெய்னர் மறுபடி திரும்பட்டும்" என்றுதான் விழும். மீட்டிங் இல்லாமலும் அது நடக்காது என்று காட்டுவதுதான் நம் வேலை.

இரண்டாம் படி: நான்கு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: தகவல், முடிவு, மனத்தாங்கல். மீட்டிங்கில் வரும் ஒவ்வொரு பேச்சும் எதில் சேர்கிறது, எத்தனை நிமிடம் போனது என்று தோராயமாகக் குறித்தால் போதும்.

எங்களுக்கு ஐம்பதில் முப்பத்தைந்து நிமிடம் தகவலுக்கே போனது: கையிருப்பு எவ்வளவு, எந்த ஆர்டர் எந்த நிலையில், மட்டை மில்லிலிருந்து எத்தனை லோடு வந்தது. இதை எழுத்தில் கொடுத்துவிடலாம். முடிவுகளுக்குப் பத்து நிமிடம். மூன்றாவது பத்தியில் நிமிடம் குறைவுதான், ஆனால் கவனமாகப் பாருங்கள். எங்கள் களத்து மேற்பார்வையாளர் கொழிஞ்சாம்பாறைக்காரர், மலையாளி; நாங்கள் சேட்டன் என்றே கூப்பிடுவோம். ஆள் பற்றாக்குறையைப் பற்றி அவர் மீட்டிங்கில் பேசவே மாட்டார். முடிந்து டீ குடிக்கும்போதுதான் சொல்வார். மீட்டிங் போனால் அந்த டீயும் போய்விடும். அதற்கும் ஒரு வழி யோசித்துவிட்டுத்தான் கேட்கப் போக வேண்டும்.

மூன்றாம் படி: தனியாகப் போய்ப் பேசுங்கள்

எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், குரூப்பில் போடவும் போடாதீர்கள். அவர் தொடங்கிய ஏற்பாட்டை நாலு பேர் நடுவில் கேள்வி கேட்டால், பிடித்திருந்தாலும் அவர் மறுக்கத்தான் செய்வார். நான் ஒரு சாயங்காலம் கணக்கு முடிந்ததும் பேசினேன். ஏறக்குறைய இப்படித்தான்:

"அண்ணா, திங்கக்கிழமை மீட்டிங் பத்தி ஒரு யோசனைங்ணா. அன்னிக்குக் கண்டெய்னர் திரும்பினதுக்கப்புறம் நீங்க இதை ஆரம்பிச்சதாலதான் களத்துல என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரிய வந்துச்சு. இப்ப ஒரே ஒரு சிக்கல். ஒன்பதரைக்குச் சேட்டன் இங்க வந்து உட்கார்ந்துட்டா, வெயில் ஏறுற நேரத்துல பித்தை விரிக்கச் சொல்லிப் பார்த்துக்க அங்க ஆள் இல்லீங்ணா. அதே விவரத்தைச் சனிக்கிழமை அஞ்சு மணிக்கே எழுத்துல உங்க கையில குடுத்துடறோம். நாலு வாரம் பார்க்கலாம். சரிப்படலைன்னா அஞ்சாவது திங்கக்கிழமை பழையபடி உட்கார்ந்துக்கலாம்."

இதில் மீட்டிங்கால் கிடைத்த நன்மை முதலில் வருகிறது, உண்மையாகவே கிடைத்தது. காரணம் களத்தில் இருக்கிறது, யார் மேலும் இல்லை. "நேரம் வீணாகிறது" என்ற வார்த்தையே கிடையாது. ஏழு பேருக்கு ஐம்பது நிமிடம் என்றால் வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்ற கணக்கும் என் கையில் இருந்தது, ஆனால் நான் எடுக்கவில்லை. முதல் பேச்சிலேயே அந்தக் கணக்கை நீட்டினால் குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும். அவராகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அவர் இரண்டு கேள்வி கேட்டார். "எழுதினா யாரு படிக்கிறா?" என்பது ஒன்று. "முடிவு வேணுங்கிறதைத் தனி வரியா போட்டுடறோம், நீங்க அதுக்கு மட்டும் பதில் போட்டா போதுங்ணா" என்றேன். அடுத்தது, "சேட்டனுக்குத் தமிழ் எழுத வராதே?" இதற்கு முன்பே சேட்டனிடம் பேசி வைத்திருந்தேன். அவர் மலையாளத்தில் குரல் பதிவு அனுப்புவார், நான் எழுதி, போனில் படித்துக் காட்டி அவர் சரி என்றதும் அனுப்புவேன். எல்லைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் இந்த ஏற்பாட்டை விட்டுவிட வேண்டாம். பேச்சில் இரண்டு மொழியும் கலந்து ஓடும், எழுத்து என்று வரும்போது ஒருவர் வெளியே நின்றுவிடுவார்.

நான்காம் படி: குறிப்பின் வடிவம்

ஒப்புக்கொண்டதும் மாதிரி ஒன்றைக் கையோடு காட்டுங்கள். எங்களுடையது இவ்வளவுதான்:

> களம்: விரித்தது 6 லோடு, காய்ந்தது 4.
> ஈரம்: 22 சதவீதம். ஆர்டருக்கு 18க்குள் வேண்டும்.
> கண்டெய்னர்: புதன் காலை. இந்த ஈரத்தில் ஏற்ற முடியாது.
> முடிவு வேண்டும்: கண்டெய்னரை வெள்ளிக்கு மாற்றலாமா? திங்கள் 10 மணிக்குள் சொல்லவும்.
> ஆள்: இருவர் லீவு, விரிப்பது தாமதம்.

கடைசி வரிதான் அந்த டீ. ஆள் விஷயத்துக்குத் தனி வரி வைத்ததால் சேட்டன் தயங்காமல் சொல்கிறார். இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டோம்: ஏற்றுமதித் தேதியைத் தொடுகிற எந்தச் செய்தியும் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போன். பழைய அடி அங்கேதான் விழுந்தது.

ஐந்தாம் படி: எங்கே சறுக்கும்?

மூன்றாவது வாரம் எங்களுக்குச் சறுக்கியது. ஈரம் என்ற இடத்தில் "நார்மல்" என்று வந்தது. எண் இருந்த இடத்தில் வார்த்தை வந்தால் எழுதுகிறவர் அளக்கவில்லை, அல்லது கெட்ட செய்தியைச் சொல்லத் தயங்குகிறார் என்று அர்த்தம். அன்றே போன் செய்து எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதேபோல, குறிப்பில் இருப்பதையே முதலாளி போனில் கேட்டால் அவர் படிக்கவில்லை. நான் முடிவு வரியைக் கீழிருந்து முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். அதன்பின் ஞாயிறு இரவே பதில் வந்தது.

நான்கு வாரம் முடிந்து அவரிடம் போனேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும் இருபது நிமிடம், களத்திலேயே நின்று பேசலாம் என்றார். ஜூன், ஜூலையில் மட்டும் பழையபடி வாராவாரம் கூடுகிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வருகிற அந்த நாட்களில் சனிக்கிழமை எழுதிய ஈர எண் திங்கட்கிழமைக்குப் பொருந்துவதில்லை.