எடிட் செய்த படங்களை அனுப்பும்போது கிளையண்ட்டுக்கு என்ன எழுதுவது?

சாயல்குடி பக்கம் பனையோலைப் பெட்டி முடைந்து ஆன்லைனில் விற்கும் ஒரு அக்கா, 20 பெட்டிகளின் படங்களை உங்களிடம் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னணியை நீக்கி, நிறத்தைச் சரிசெய்து, ஒவ்வொரு படத்தையும் மூன்று விதமாகச் சேமித்துவிட்டீர்கள், மொத்தம் 60 ஃபைல். இப்போது லிங்கை மட்டும் அனுப்பினால் அடுத்த அரை மணி நேரத்தில் போன் வரும், "தம்பி, இதுல எதைப் போடணும்?" என்று. அந்தக் கேள்விக்கான பதில்தான் நாம் எழுதப்போகும் மெயில்.

முதலில் ஃபோல்டர். ஜேபிஜி, பிஎன்ஜி என்று ஃபார்மட் பெயரில் பிரிக்காதீர்கள், அக்காவுக்கு அது தேவையில்லை. எங்கே போடுவது என்பதை வைத்துப் பிரியுங்கள்:

```
1_kadai      2000 x 2000  .jpg
2_whatsapp   1080 x 1080  .jpg
3_print      3000 x 3000  .png
```

ஃபைல் பெயரும் அப்படியே, `petti-07_kadai.jpg`, `petti-07_print.png` என்று. ஏழாம் நம்பர் பெட்டி எல்லா ஃபோல்டரிலும் ஏழாகவே இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து எடை. ஓலைப் பின்னலில் நுணுக்கமான கோடுகள் அதிகம், அதனால் வழவழப்பான பொருளைவிட ஃபைல் பெரிதாகவே வரும். கடைப் படம் ஒன்று சுமார் 800 கேபி என்றால் 20 படம் 16 எம்பி, பிரிண்ட் படம் ஒன்று 8 எம்பி என்றால் 160 எம்பி. ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்பிதான் எல்லை, அதனால் டிரைவ் லிங்க்தான் வழி. லிங்கை அனுப்பும் முன் பிரவுசரின் இன்காக்னிட்டோவில் ஒரு தடவை திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நின்றால் ஷேரிங் அமைப்பை மாற்ற மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சரி, மெயில். சப்ஜெக்ட்டில் "படங்கள்" என்று மட்டும் போடாமல் "ஓலைப்பெட்டி 20 படங்கள், மூன்று அளவில்" என்று போடுங்கள், பின்னால் தேடினால் கிடைக்கும். உள்ளே இப்படி:

> வணக்கம் அக்கா,
>
> 20 பெட்டிப் படங்களும் முடிந்துவிட்டன. லிங்க் கீழே இருக்கிறது, மூன்று ஃபோல்டர் தெரியும்.
>
> அமேசான் மாதிரி கடைகளில் ஏற்ற 1_kadai. பின்னணி சுத்த வெள்ளை, பெரிதாக்கிப் பார்த்தாலும் பின்னல் தெளிவாகத் தெரியும்.
>
> வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்ப 2_whatsapp. சின்ன ஃபைல், சீக்கிரம் போகும்.
>
> லேபிள், நோட்டீஸ் அடிக்க 3_print. இதில் பின்னணியே கிடையாது, அதனால் சில போன்களில் கறுப்பாகத் தெரியலாம், படத்தில் கோளாறு இல்லை. பிரஸ்ஸுக்கு லிங்கையே அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். 25 செ.மீ. அகலம் வரை கூர்மையாக அச்சாகும், அதைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்.

அந்தக் கறுப்பு விஷயத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பிஎன்ஜியில் பின்னணி வெறுமையாக இருக்கும், அந்த வெறுமையை எந்த நிறத்தில் காட்டுவது என்பதைப் படத்தைத் திறக்கும் ஆப்தான் முடிவு செய்கிறது, டார்க் மோடில் இருக்கும் கேலரி கறுப்பைக் காட்டிவிடும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் வேலை கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். டாக்குமெண்ட் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு: சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி ஜேபிஜி ஆக்கிவிடும், ஜேபிஜியில் வெறும் பின்னணிக்கு இடமே இல்லை. அப்புறம் பிரஸ்ஸுக்குப் போய்ச் சேருவது பின்னணி நிரம்பிய, அளவு குறைந்த படம். ஃபைல் பெயரில் `.png` என்பதை அழித்து `.jpg` என்று எழுதினாலும் ஃபார்மட் மாறாது, இதைச் செய்கிற ஆட்கள் நிறைய உண்டு.

25 செ.மீ. கணக்கு எளிது. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் 3000 பிக்சல் 10 அங்குலம், அதாவது 25.4 செ.மீ. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபிளெக்ஸ் வைக்கப் போகிறார்கள் என்றால் கணக்கு வேறு, தூரத்திலிருந்து பார்ப்பதால் அங்குலத்துக்கு 100 பிக்சலே போதும், அதே படம் 30 அங்குலம் வரை தாங்கும்.

அனுப்பும் முன் கடைசியாக ஒரு சோதனை. பிரிண்ட் படம் ஒன்றைக் கடும் நீலப் பின்னணி மேல் வைத்துப் பாருங்கள். பெட்டி ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் வெட்டியது சரியில்லை, வெள்ளைப் பின்னணியில் இது கண்ணுக்கே படாது, கலர் லேபிள் அச்சாகி வந்த பிறகுதான் தெரியும். ஓலை நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகவே பாருங்கள், அங்கேதான் மாட்டும்.