லைவில் F5 அழுத்தினால் டெஸ்க்டாப் ஏன் தெரிகிறது?

என் தம்பி மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பை ஸ்ட்ரீம் செய்வான். மூன்று வாரமாகக் கட்டிய வீட்டை அன்று லைவில் காட்டினான், தன் ஆளையும் சேர்த்துக் காட்டலாம் என்று F5 அழுத்தினான். அது அந்த விளையாட்டில் கேமராக் கோணத்தை மாற்றும் விசை. இன்னும் இரண்டு முறை அழுத்தியதும் பழைய கோணத்துக்கு வந்துவிட்டது, அவனும் பேசிக்கொண்டே போனான். பார்த்தவர்களுக்கோ முதல் அழுத்தத்திலேயே வீடு மறைந்து அவனுடைய இரண்டாவது மானிட்டர் வந்துவிட்டது, அதில் கல்லூரிக் கட்டண ரசீது முகவரியோடு திறந்திருந்தது. சாட்டில் எல்லோரும் கத்தியும் அவன் கவனிக்க நாலு நிமிஷம் ஆனது.

முதல் தவறு, ஸ்ட்ரீம் செய்யும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் டெஸ்க்டாப்பைக் காட்டும் சீனுக்கு, அதாவது லைவில் போகும் காட்சி அமைப்புக்கு, வெறும் F5-ஐ ஹாட்கீயாகக் கொடுத்தது. ஓபிஎஸ் பின்னால் இருந்தாலும் அதன் ஹாட்கீ வேலை செய்யும், அதற்காகத்தானே வைக்கிறோம். ஆனால் அது அந்த விசையைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, விளையாட்டுக்கும் அதே அழுத்தம் போய்ச் சேரும். அதனால்தான் அவன் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. விளையாட்டு மூன்றாவது அழுத்தத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது, ஓபிஎஸ் திரும்பவில்லை, ஏனென்றால் சீன் ஹாட்கீ எத்தனை முறை அழுத்தினாலும் அதே சீனுக்குத்தான் போகும். ஒற்றை எழுத்தை வைத்தால் இன்னும் மோசம், சாட்டில் டைப் செய்யும்போதே சீன் தாவும். Settings > Hotkeys போய் Ctrl + Alt + ஓர் எண் என்று மாற்றுங்கள், அந்தச் சேர்க்கை உங்கள் விளையாட்டில் எதற்கும் இல்லை என்று பார்த்துவிட்டு.

பயந்துபோய் Advanced பகுதியில் ஓபிஎஸ் ஜன்னல் முன்னால் இல்லாதபோது ஹாட்கீயை நிறுத்தும் வசதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விளையாடும்போது ஒரு ஹாட்கீயும் வேலை செய்யாது, அவனும் மறுநாள் இதைத்தான் செய்து வைத்திருந்தான்.

எனக்கு விசையைவிடப் பெரிய தவறாகத் தெரிவது அந்தச் சீன்தான். Display Capture வைத்தால் அந்த மானிட்டரில் இருக்கும் எல்லாமே போகும். பிரவுசரை மட்டும் காட்ட Window Capture போதும், அப்போது விசை தவறினாலும் பிரவுசர் ஜன்னல்தான் வெளியே போகும்.

“இதோ வருகிறேன்” சீனையும் நம்பிவிடாதீர்கள். மைக்கை Settings > Audio வழியாகச் சேர்த்திருந்தால் எந்தச் சீனுக்குப் போனாலும் அது திறந்தே இருக்கும், படம் மட்டும்தான் மாறும், அம்மாவிடம் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். மியூட்டுக்குத் தனி ஹாட்கீ வேண்டும்.

இப்போது தம்பி லைவுக்கு முன் Start Recording போட்டுப் பத்து நிமிஷம் விளையாடுகிறான், F3, F5, சாட் எதையும் விடாமல். அப்புறம் அந்தப் பதிவை ஓட்டிப் பார்க்கிறான். ஸ்ட்ரீமைச் சத்தமில்லாமல் போனிலும் திறந்து வைக்கிறான், சில நொடி தாமதமாக வந்தாலும் மற்றவர்கள் பார்ப்பது அதில்தான் அவனுக்குத் தெரிகிறது.