ரிசல்ட் கேப் நிற்குமா? முதல் நாளிலேயே நாம் தவறவிடும் இடங்கள்

2024 ஜனவரி 16 மாலை, சந்தை முடிந்த பிறகு ஹெச்டிஎஃப்சி வங்கியின் மூன்றாம் காலாண்டு முடிவு வந்தது. நிகர லாபம் 16,372 கோடி, முந்தைய ஆண்டைவிட 33% அதிகம். மறுநாள் பங்கு முந்தைய நாள் முடிந்த விலைக்கு வெகு கீழே, அதாவது கேப் டவுனில் திறந்து, திறந்த விலைக்கும் கீழே போய், 8%க்கு மேல் சரிந்து முடிந்தது. 1,679 ரூபாயில் இருந்தது 1,537க்கு வந்துவிட்டது.

“லாபம் 33% கூடியிருக்கிறது, சந்தை பயந்துவிட்டது, விலை திரும்ப ஏறி கேப் நிரம்பிவிடும்” என்று அன்று வாங்கியவர்கள் நிறைய. முதல் தவறு இங்கேதான். அந்த 33% ஒப்பிடத்தக்க எண்ணே இல்லை. 2023 ஜூலையில்தான் வீட்டுக்கடன் தந்துவந்த ஹெச்டிஎஃப்சி நிறுவனம் வங்கியோடு இணைந்தது. முந்தைய ஆண்டுக் கணக்கில் அது கிடையாது. லாபத்தில் ஒரு பகுதி வரி ஒதுக்கீட்டைத் திரும்ப எடுத்ததால் வந்தது. டெபாசிட் வளர்ச்சி கடனுக்கு ஈடுகொடுக்கவில்லை, வட்டி மார்ஜின் 3.4%ஐத் தாண்டவில்லை. இவை ஒரே நாளில் தீர்கிற விஷயங்கள் அல்ல. காரணம் அடுத்த காலாண்டிலும் தொடரும் என்றால், கேப்பும் எளிதில் நிரம்பாது. ஒருமுறை வரும் செலவோ வருமானமோ காரணம் என்றால்தான் திரும்பி வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது தவறு, 9:15க்குத் திறந்த விலையை வைத்து முடிவெடுப்பது. அந்த விலை திறப்புக்கு முன் சேர்ந்த ஆர்டர்களின் சமரசம், அவ்வளவுதான். பெரிய ஃபண்டுகள் ஒரே காலையில் விற்று முடிக்க முடியாது, நாள்கணக்கில் பிரித்து விற்பார்கள். கேப்புக்குப் பின் விலை அதே திசையில் நகர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் நான் குளோஸைத்தான் பார்ப்பேன். கேப் டவுன் நாளில் வழக்கத்தைவிடப் பல மடங்கு வால்யூமோடு, திறந்த விலைக்குக் கீழே, நாளின் லோவுக்கு அருகில் முடிந்தால் விற்பவர் இன்னும் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

மறுநாளும் அப்படியே ஆனது. 18ஆம் தேதி இன்னும் 3% சரிந்து 1,486 அருகே முடிந்தது. பிப்ரவரி நடுவில் 1,363 வரை போனது. முதல் நாள் குளோஸான 1,537க்கு மேலே இரண்டு மூன்று நாளில் மறுபடி குளோஸாகியிருந்தால் என் கணிப்பை மாற்றியிருப்பேன்.

சரி, சந்தையே விழுந்ததே என்று கேட்கலாம். 17ஆம் தேதி நிஃப்டியும் 2% விழுந்தது. ஆனால் நிஃப்டியில் இந்த வங்கிக்கே பெரிய எடை, அதன் வீழ்ச்சியே குறியீட்டை இழுத்தது. இப்படிப்பட்ட கனமான பங்கை நிஃப்டியோடு மட்டும் ஒப்பிட்டால் சரிவு சின்னதாகத் தெரியும். மற்ற தனியார் வங்கிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரிசல்ட்டுக்குப் பின் விலை அதே திசையில் தொடரும் இந்த நகர்வை 1968லேயே பால், பிரவுன் என்ற இரண்டு கணக்கியல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆனால் அது நிறையப் பங்குகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற சராசரி. உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு பங்கு என்பதால், எந்த விலை வந்தால் வெளியேறுவது என்பதை முதல் நாள் குளோஸிலேயே எழுதி வையுங்கள்.