100 அம்பியர்-மணி பற்றரி ஏன் இரண்டு மணிநேரம் தாங்குவதில்லை?

2022 மின்வெட்டுக்குப் பிறகு கொழும்பில் எத்தனையோ வீடுகளில் இன்வேர்ட்டர் வந்துவிட்டது. பற்றரி வாங்கும்போது பெரும்பாலானோர் போடும் கணக்கு ஒன்றுதான். 500 வாற்று சுமை. இன்வேர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ற்று பற்றரியில் இருந்து ஏறத்தாழ 50 அம்பியர் போகும். பற்றரி 100 அம்பியர்-மணி. ஆகவே இரண்டு மணிநேரம். இந்த வகுத்தல்தான் முதல் தவறு.

ஒட்டுத்தாளில் உள்ள 100 என்பது 20 மணிநேரக் கணக்கு. 5 அம்பியர் வீதம் இழுத்தால், 10.5 வோல்ற்றுக்கு இறங்க 20 மணிநேரம் எடுக்கும் என்பதே அதன் பொருள். ஈயப் பற்றரியில் அசிட்டும் வேதிவினையில் செலவாகிறது. மெதுவாக இழுத்தால், தட்டின் நுண்துளைகளுக்குள் தீர்ந்த அசிட்டுக்குப் பதிலாக வெளியிலிருந்து புது அசிட் ஊறிவர நேரம் இருக்கும். 50 அம்பியரில் அதற்கு நேரம் இல்லை. தட்டின் மேற்பரப்பில் ஈய சல்ஃபேற்று படிந்து துளைவாயை அடைக்க, உள்ளே நல்ல ஈயம் மிஞ்சியிருக்கும்போதே வோல்ற்று சரிந்துவிடும்.

எவ்வளவு குறையும் என்பதை 1897இல் ஜெர்மன் விஞ்ஞானி பொய்க்கேர்ட் தந்த சூத்திரத்தால் மதிப்பிடலாம்:

```
t = H × (C / (I × H))^k
```

t என்பது தாங்கும் நேரம், C ஒட்டுத்தாளில் உள்ள அம்பியர்-மணி, H அது அளக்கப்பட்ட மணிநேரம், I நாம் இழுக்கும் அம்பியர். வேகமாக இழுத்தால் எவ்வளவு குறையும் என்பதைக் காட்டும் எண் k; தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரிக்கு அது சுமார் 1.2. H = 20, C = 100, I = 50 என்று போட்டால் 1.26 மணிநேரம் வரும். இரண்டு மணிநேரம் என்று நம்பியவருக்குக் கிடைப்பது ஒன்றேகால்தான், அதுவும் புதுப் பற்றரியில். பழசானால் இன்னும் குறையும்.

இப்படி நின்றதும் பற்றரி பழுது என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. சுமையை எடுத்துவிட்டு அரை மணிநேரம் விட்டால் வோல்ற்று மறுபடி 12 பக்கம் ஏறும். அப்போது ஒரு சிறிய பல்பைப் போட்டால் நெடுநேரம் எரியும். மின்னேற்றம் தொலையவில்லை, அந்த வேகத்தில் வெளியே வர முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் இதைச் சோதித்துப் பார்த்த கையோடு சார்ஜ் போட்டுவிடுங்கள். வெறுமையாகக் கிடந்தால் சல்ஃபேற்று இறுகிப் பற்றரி உண்மையிலேயே கெட்டுப்போகும்.

அதே போன்ற இரண்டு புதிய பற்றரிகளைச் சமாந்தரமாக இணைத்தால் நேரம் இருமடங்காகும் என்பதும் சரியல்ல, அதைவிடக் கூடும். ஒவ்வொன்றும் 25 அம்பியர்தான் கொடுப்பதால், அதே சூத்திரப்படி 2.9 மணிநேரம் வரை கிடைக்கும். எனவே சுமை பெரிதென்றால் இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள். ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றதுக்கு மாற்றினால் இரண்டரை மணிநேரம்தான்.

கடையில் விலை ஒப்பிடும்போது C20, C10 எழுத்துகளைப் பார்க்காமல் விடாதீர்கள். C10 என்று போட்ட 100 அம்பியர்-மணிப் பற்றரி, 10 அம்பியரில் 10 மணிநேரம் தாங்குவது. அதையே 20 மணிநேரக் கணக்கில் அளந்தால் 110க்கு மேல் வரும். எண் ஒன்றுதானே என்று மலிவானதை எடுத்தால், வாங்குவது சிறிய பற்றரியாக இருக்கலாம்.