செயின் கோடிலிருந்து வடிவ எண் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு கட்டத் தாளில் மூன்று சதுரங்களை வரிசையாக வரையுங்கள். இடது ஓரச் சதுரத்தின் தலைமேல் இன்னொன்று வையுங்கள். கிடைத்த L வடிவத்தின் எல்லைக்கோட்டைத்தான் எண்களாக எழுதப் போகிறோம்; அந்த எண் வரிசைதான் செயின் கோடு. நகரும் திசைக்கு ஓர் எண்: வலது 0, மேல் 1, இடது 2, கீழ் 3.

படி 1: எல்லையைச் சுற்றுதல்

மேல் இடது மூலையில் தொடங்கி, கடிகார முள் சுற்றும் திசையில் சதுரங்களின் ஓரமாகவே நகருங்கள். ஓர் ஓரத்துக்கு ஓர் எண்:

`0 3 0 0 3 2 2 2 1 1`

0-வும் 2-வும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும்; 1-ம் 3-ம் அப்படியே. இல்லையென்றால் எல்லை மூடவில்லை, எங்கோ ஓர் ஓரம் விட்டுப்போயிருக்கிறது.

கீழ் இடது மூலையில் தொடங்கினால் அதே உருவம் `1 1 0 3 0 0 3 2 2 2` ஆகிவிடும். எண்களைச் சுழற்றி, மிகச் சிறிய எண்ணாக வரும் வரிசையை எடுத்தால் இரண்டுக்கும் `0032221103` கிடைக்கும். தொடக்கப் புள்ளிச் சிக்கல் இதோடு தீர்ந்தது. ஆனால் உருவத்தை 90° திருப்பினால் எல்லா எண்களும் மாறிவிடும். அதனால் இதோடு நிறுத்தக் கூடாது.

படி 2: வேறுபாடு

திசையை விட்டுவிட்டு, திருப்பத்தை மட்டும் குறிப்போம். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்கு முந்தையதைக் கழியுங்கள். விடை எதிர்மறையானால் 4 கூட்டுங்கள். முதல் எண்ணுக்கு முந்தையது கடைசி எண்: 0 − 1 = −1, அதாவது 3.

`3 3 1 0 3 3 0 0 3 0`

இங்கே 3 என்றால் வலப்பக்கத் திருப்பம், 1 இடப்பக்கம், 0 நேர்வழி. 3-களின் எண்ணிக்கையிலிருந்து 1-களைக் கழித்தால் 4 வர வேண்டும் (இங்கே 5 − 1). −4 வந்தால் எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறீர்கள்.

பலர் தவறுவது அந்த முதல் கழித்தலில்தான். அதை விட்டால் ஒன்பது இலக்கமே மிஞ்சும். எந்த மூலையில் தொடங்கினோமோ அங்குள்ள திருப்பம் காணாமல் போகும். நம் இரண்டு தொடக்கங்களுக்கும் `003031033`, `000331033` என்று வெவ்வேறு விடைகள் வரும்.

படி 3: வடிவ எண்

வேறுபாட்டு வரிசையைச் சுழற்றி மிகச் சிறியதை எடுங்கள்: `0030331033`. இதுதான் வடிவ எண். இலக்கங்கள் பத்து என்பதால் இதன் வரிசை (ஆர்டர்) 10.

```python
def shape_number(c):
    d = [(c[i] - c[i-1]) % 4 for i in range(len(c))]
    return min("".join(map(str, d[k:] + d[:k]))
               for k in range(len(d)))
```

பைத்தானில் `c[-1]` கடைசி எண்ணையே தருவதால் படி 2-இன் சுற்று தானாக நடந்துவிடும். சி மொழியில் `%` எதிர்மறை விடை தரும். அங்கே `(a - b + 4) % 4` என்று எழுதுங்கள். விடையை முழு எண்ணாகச் சேமிக்காதீர்கள், முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும்.

கண்ணாடிப் பிம்பத்துக்கு வேறு எண் வரும்: `0033013303`. அது பிழையல்ல. உருவம் 30° போலச் சாய்ந்திருந்தால் மட்டும் கட்டத்தில் படிக்கட்டுபோல் விழுந்து எண் மாறும். அப்போது உருவத்தின் நீள அச்சுக்கு இணையாகக் கட்டத்தைத் திருப்பிவிட்டு, முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.