போர்ட்ரெய்ட் படத்தில் கண் வடிவம் மாறாமல் மை தீட்டுவது எப்படி (GIMP)

அக்கா மகளின் அரங்கேற்ற அழைப்பிதழுக்கு ஒரு முகப்படம் தேவைப்பட்டது. படம் நன்றாக வந்திருந்தது. ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணில் இட்ட மை ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. "மாமா, மையைக் கொஞ்சம் எடுப்பாகக் காட்ட முடியுமா? ஆனால் என் கண்ணு மாதிரியே இருக்கணும்" என்றாள். அந்தக் கடைசி நிபந்தனையில்தான் வேலை முழுக்க இருக்கிறது. கறுப்புக் கோடு போடுவது எளிது. போட்ட பிறகும் அதே ஆளின் கண்ணாக இருப்பதுதான் சிரமம்.

இங்கே நான் பயன்படுத்துவது GIMP. லேயர், லேயர் மாஸ்க் இரண்டும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிரஷ்ஷால் நேரடியாகக் கோடு இழுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மவுஸ் என்றால் கை ஆடும். பென் டேப்லெட் இருந்தாலும் தடிமனை அப்புறம் திருத்த முடியாது. Paths tool-இல் மையின் உருவத்தையே ஒரு மூடிய வடிவமாக வரைந்து, அதற்குள் நிறம் நிரப்புவதுதான் நல்லது. Stroke Path-ஐயும் நான் தொடுவதில்லை. முனையிலிருந்து முனைவரை ஒரே தடிமனில் ஓடும் மை யார் கண்ணிலும் இருப்பதில்லை.

முதலில் அளவு

எத்தனை பிக்சல் தடிமன் என்று ஊகிக்க வேண்டியதில்லை. கருவிழியின் குறுக்களவு பெரியவர்களுக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. Measure tool-ஐ எடுத்து (Shift+M) கருவிழியை இடமிருந்து வலமாக அளந்து பாருங்கள். நான் எடுத்துக்கொண்ட படத்தில் 120 பிக்சல் வந்தது. அப்படியானால் 10 பிக்சல் ஒரு மில்லிமீட்டர். நிஜத்தில் ஐலைனர் மூக்குப் பக்கம் அரை மில்லிமீட்டரில் மெலிதாகத் தொடங்கி, காதுப் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் வரை தடிக்கும். ஆக எனக்கு வேண்டியது 5 பிக்சலில் தொடங்கி 15 பிக்சலில் முடிகிற ஒரு வடிவம். முகம் சற்றுத் திரும்பியிருந்தால் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணில் அளந்துகொள்ளுங்கள்.

இமைமயிரின் வேரைக் கண்டுபிடிப்பது

பெரும்பாலானோர் தவறிப்போகும் இடம் இது. என் முதல் முயற்சி நின்றுபோனதும் இங்கேதான்.

மேல் இமை, கண்ணின் வெள்ளைப் பகுதி மேல் ஒரு நிழலைப் போடும். இமைமயிரும் அந்த நிழலும் சேர்ந்து, சாதாரணமாகப் பார்க்கும்போது ஒரே கருமையாகத் தெரியும். அந்தக் கருமையின் அடி ஓரம்தான் இமைமயிரின் வேர் என்று நினைத்து அங்கே கோடு போட்டால், மை தோலில் அல்லாமல் விழியின் மேல் உட்கார்ந்துவிடும். கண் திறப்பு ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே போதும், ஆள் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் தெரிவார். எங்கே தப்பு என்று தெரியாமல் தடிமனைக் குறைத்துக்கொண்டே போவோம். ஆனால் பிரச்சினை தடிமனில் இல்லை.

நிழலையும் இமையையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. படத்தின் லேயரை நகலெடுத்து, அந்த நகலில் Colors > Curves திறந்து, இடது கீழ்ப் பகுதியை நன்றாக மேலே தூக்குங்கள். படம் வெளிறி அசிங்கமாகும். பரவாயில்லை, இது பார்ப்பதற்கு மட்டும்தான். இப்போது 400% பெரிதாக்கினால் நிழல் சாம்பல் நிறமாகி, விழியின் வெள்ளையோடு மெல்ல மெல்லக் கலப்பது தெரியும். அதற்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு மெல்லிய பட்டை தெரியும். அதுதான் இமையின் விளிம்பு. மயிர்கள் அந்தப் பட்டையின் வெளிப்பக்க ஓரத்திலிருந்து கிளம்பும். நம் கோட்டின் கீழ் எல்லை அந்த ஓரம்தான்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். மேல் இமையின் வளைவு நடுவில் உச்சி கொண்ட சீரான வில் கிடையாது. பெரும்பாலான கண்களில் அதன் உச்சி, கண்மணியின் நடுப்புள்ளியிலிருந்து சற்று மூக்குப் பக்கம் தள்ளி இருக்கும். கீழ் இமையின் ஆழமான இடமோ காதுப் பக்கம் தள்ளி இருக்கும். இரண்டையும் நடுவில் கொண்டுவந்து வைத்தால் கண் பாதாம் வடிவம் இழந்து வட்டமாகிவிடும்.

வடிவத்தை வரைதல்

B அழுத்தி Paths tool-ஐ எடுங்கள். கீழ் ஓரத்துக்கு நான்கு புள்ளிகள் போதும்: மூக்குப் பக்க முனையை விட்டுச் சற்றுத் தள்ளி ஒன்று, உச்சியில் ஒன்று, உச்சிக்கும் காதுப் பக்க முனைக்கும் இடையில் ஒன்று, முனையில் ஒன்று. க்ளிக் செய்து விடாமல் இழுத்தால் கைப்பிடிகள் வரும். அவற்றை இமையின் போக்கிலேயே சாய்த்து வையுங்கள். புள்ளிகள் கூடக் கூடக் கோடு மேடும் பள்ளமுமாக நெளியும். அதனால் சரியாகப் பொருந்தாவிட்டால் புதுப் புள்ளி சேர்க்காமல், கைப்பிடியை நீட்டிக் குறுக்கிப் பாருங்கள்.

காது முனையிலிருந்து மேல் ஓரமாகத் திரும்பி வாருங்கள். கீழ் ஓரத்துக்கு மேலே 15, 12, 8, 5 பிக்சல் என்று இடைவெளி குறைந்துகொண்டே வரட்டும். கடைசியில் Ctrl அழுத்தியபடி முதல் புள்ளியை க்ளிக் செய்தால் வடிவம் மூடிக்கொள்ளும். மூக்கோரத்தில் இருக்கும் சிவந்த சதைத் துணுக்கின் மேல் வடிவம் ஏறவே கூடாது.

வால் வேண்டும் என்றால், கீழ் இமையின் ஓட்டத்தையே புருவத்தின் கடைசியை நோக்கி மேலே நீட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வால் அந்தப் போக்கில் செல்லட்டும். மேல் இமை இறங்கும் திசையில் நீட்டினால் கண் தொங்கியதுபோல் ஆகும். அழைப்பிதழ்ப் படத்துக்கு நான் 3 மில்லிமீட்டர், அதாவது 30 பிக்சல் மட்டும் நீட்டினேன். மேடையில் பரதத்துக்குப் போடுகிற நீளமான வால், நெருக்கத்தில் எடுத்த படத்துக்குப் பொருந்தாது.

நிறம் நிரப்புதல்

வெளிறிய நகல் லேயரை அழித்துவிட்டு, படத்துக்கு மேலே ஒளி ஊடுருவும் புது லேயர் ஒன்றைச் சேருங்கள். அதன் Mode Multiply, Opacity 75. அப்போதுதான் நிஜ இமைமயிர்கள் மைக்கு ஊடாகத் தெரியும். நிறத்துக்கு முழுக் கறுப்பு வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எதுவுமே முழுக் கறுப்பாக இருக்காது. அதனால் அது ஒட்டவைத்ததுபோல் தனித்து நிற்கும். நான் வைத்தது `2a1d18`, அதாவது பழுப்பு கலந்த கருமை. இமைமயிரின் அடர்ந்த பகுதியிலிருந்து Color Picker-ஆல் எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

Paths tool-இன் அமைப்புகளில் Selection from Path அழுத்தி, பிறகு Edit > Fill with FG Color கொடுங்கள். Select > None கொடுத்த பிறகு Filters > Blur > Gaussian Blur-இல் Size இரண்டையும் 1.5 ஆக வையுங்கள். இது 10 பிக்சல் கணக்குக்கு உரியது. உங்கள் படத்துக்கு எவ்வளவு என்பதைப் பக்கத்தில் இருக்கும் இமைமயிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மயிரைவிடக் கோடு கூர்மையாக இருக்கக் கூடாது. ஃபோகஸ் சற்றுத் தவறிய தூரக் கண்ணுக்கு 2.5 தேவைப்பட்டது.

மங்கலாக்கினால் மை இரண்டு பக்கமும் கசியும். மேல் பக்கம் கசிவது அழகு. விழிப் பக்கம் கசிந்தால் வெள்ளை அழுக்காகத் தெரியும். அதனால் Add Layer Mask கொடுத்து, White (full opacity) தேர்ந்து, 6 பிக்சல் பிரஷ்ஷில் கறுப்பு எடுத்து விழி மேல் விழுந்ததை மட்டும் மறையுங்கள். இந்த இரண்டு நிமிட வேலையைத் தவிர்க்காதீர்கள்.

கீழே காஜல்

காஜலுக்குத் தனி லேயர். அது போகிற இடம் வாட்டர்லைன், அதாவது கீழ் இமைமயிருக்கும் விழிக்கும் இடையிலுள்ள ஈரமான பட்டை. இமை விளிம்பின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். நேராகப் பார்க்கும் படத்தில் அதில் ஒரு பகுதிதான் தெரியும். எனக்கு 9 பிக்சல் தெரிந்தது. அதே முறையில் மெல்லிய வடிவம் வரையுங்கள். ஆனால் விழியை ஒட்டி 2 பிக்சல் விட்டுவிடுங்கள். கண்ணீர் தேங்கும் அந்த இடத்தில் நூல்போல ஒரு பளபளப்பு ஓடும். அதை மூடினால் கண்ணின் ஈரம் போய், பொம்மைக் கண் ஆகிவிடும்.

Opacity 60 போதும். மூக்குப் பக்க மூன்றில் ஒரு பங்கை மாஸ்க்கில் மெல்ல மறைத்துவிடுங்கள். கீழே முழு நீளத்துக்கும் அடர்த்தியாக மை இட்டால் கண் சிறுத்துத் தெரியும். வீட்டில் சுற்றிலும் மை இடுகிற வழக்கம் உள்ளவர்கள் அப்படியேதான் வேண்டும் என்றால், மேல் கோட்டைவிடக் கீழ்க் கோடு மெலிதாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கண்ணுக்கு இதே வடிவத்தைத் திருப்பிப் போட வேண்டாம். இரண்டு கண்ணும் யாருக்கும் ஒன்றுபோல் இருக்காது, புதிதாகவே வரையுங்கள். முடித்ததும் Shift+Ctrl+J அழுத்தி முழுப் படத்தையும் பாருங்கள், மை லேயர்களை அணைத்து அணைத்துப் போடுங்கள். கருமை கூடுவது மட்டும் தெரிய வேண்டும். கண் திறந்து மூடுவதுபோல் தெரிந்தால் கீழ் எல்லை விழி மேல் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வடிவத்தை Paths பலகத்தில் திறந்து, புள்ளியை மேலே தூக்கி, பழைய மையை அழித்துவிட்டு மறுபடி நிரப்பி மங்கலாக்குங்கள். அப்புறம் View > Flip & Rotate > Flip Horizontally. கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியதும் ஒரு பக்க வால் ஏறியிருப்பதெல்லாம் உடனே கண்ணில் படும்.

பின்சேர்க்கை 1: இரண்டாவது கண்ணில் நிறம் நிரம்பவே இல்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். முதல் கண்ணுக்குப் போட்ட மாஸ்க் இன்னும் தேர்வில் இருக்கிறது. நிறம் அதற்குள் போகிறது. லேயர் பட்டியலில் மாஸ்க்கை விட்டு, அதற்கு இடப்பக்கம் இருக்கும் லேயர் படத்தை ஒருமுறை க்ளிக் செய்துவிட்டு நிரப்புங்கள்.

பின்சேர்க்கை 2: ஒரு வாசகி தன் அம்மாவின் படத்தை அனுப்பியிருந்தார். வயதில் மேல் இமையின் தோல் மடிந்து, காதுப் பக்கப் பாதியில் இமைமயிர் வேரையே மறைத்திருந்தது. அவர் வரைந்த மை அந்த மடிப்பின் மேலேயே ஏறியிருந்ததால் முகம் வேறு யாருடையதோ போல் இருந்தது. இப்படிப்பட்ட கண்ணில் வடிவத்தை வேரின் போக்கிலேயே முழுதாக வரையுங்கள். பிறகு மடிப்பு மூடுகிற இடம் முழுவதையும் மாஸ்க்கில் மறையுங்கள். மடிப்பின் ஓரம் கூர்மையாகத் தெரிவதால் இங்கே மட்டும் கெட்டியான விளிம்புள்ள பிரஷ். வெளியே தெரிவது 4 பிக்சல்தான் என்றால் அந்த 4 போதும். அதைத் தடிமனாக்க வேண்டாம். இப்படிப்பட்ட கண்ணுக்கு வாலும் வேண்டாம். மடிப்பில் பட்டு முறிந்ததுபோல் தெரியும்.