உயர் இரத்த அழுத்தம் எத்தனை பேருக்குக் கட்டுப்பாட்டில் இருக்கிறது? கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மக்கள்தொகையில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அது இருப்பது தெரியும், எத்தனை பேர் மருந்து உண்கிறார்கள், எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இருக்கிறது என்று படிப்படியாக எண்ணுவதே பராமரிப்புப் படிநிலைக் கணக்கு. முதல் படியை ‘விழிப்புணர்வு’ என்று எழுதுவது வழக்கம். அச்சொல் பேரணியையும் துண்டறிக்கையையும் நினைவுபடுத்துவதால், ‘தனக்கு இருப்பதை அறிந்திருத்தல்’ என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இக்கணக்கில் மிகுதியாக நேரும் தவறு, எந்த எண்ணால் வகுத்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவது. 2019-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில், 30 முதல் 79 வயது வரையிலான, உயர் இரத்த அழுத்தம் உள்ள பெண்களில் 59 விழுக்காட்டினர் அதை அறிந்திருந்தனர். 47 விழுக்காட்டினர் மருந்து உண்டனர். 23 விழுக்காட்டினருக்குக் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆண்களுக்கு இவை முறையே 49, 38, 18. இந்த விழுக்காடுகள் எல்லாமே நோயுள்ள அனைவராலும் வகுக்கப்பட்டவை. அதே பெண்களை மருந்து உண்போரால் மட்டும் வகுத்தால், 47-இல் 23, அதாவது ஏறக்குறைய 49 விழுக்காடு என்று வரும். இரண்டும் பிழையற்ற எண்களே; ஆனால் ஓர் அறிக்கை முதல் எண்ணையும் இன்னொன்று இரண்டாவதையும் வெறுமனே ‘கட்டுப்பாட்டு விகிதம்’ என்று அச்சிட்டால், ஒன்றும் மாறாத இடத்தில் இருமடங்கு முன்னேற்றம் தெரியும்.

இரு பகுப்புகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே இழப்பு எந்தப் படியில் நேர்கிறது என்பது புலப்படும். அறிந்தவர்களில் மருந்து உண்போர் பெண்களில் 80, ஆண்களில் 78 விழுக்காட்டை ஒட்டி வருகிறார்கள்; மருந்து உண்போரில் கட்டுப்பாடு 49-க்கு 47. இவ்விரு படிகளிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆண்கள் பின்தங்குவது பெரும்பாலும் முதல் படியிலேயே, அதாவது அழுத்தத்தை அளந்து பார்க்காததால் நோய் தெரியாமலே இருப்பதில்தான். இறுதி எண்ணை மட்டும் பார்த்து, ஆண்கள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை என்று முடிவுகட்டினால் பணம் தவறான இடத்துக்குப் போகும்.

அடுத்த தவறு, நோயுள்ளவர் யார் என்ற வரையறையில் இருக்கிறது. கணக்கெடுப்பு நாளில் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களை மட்டும் எண்ணினால், மருந்தால் அழுத்தம் குறைந்தவர்கள் அனைவரும் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள். கட்டுப்பாடு வரையறைப்படியே சுழியாகிவிடும். அதனால்தான் மருந்து உண்போரை, அன்றைய அளவு எதுவாக இருந்தாலும், நோயுள்ளோருடன் சேர்க்கிறார்கள்.

அளக்கும் முறையும் படிகளை அசைக்கும். உலக சுகாதார அமைப்பின் ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில் மூன்று முறை அளந்து, முதல் அளவை விட்டு, பின்னிரண்டின் சராசரியை எடுக்கிறார்கள். முதல் அளவு பெரும்பாலும் சற்று உயர்ந்தே வரும். அப்படியும் அது ஒரே நாளின் அளவுதான். வேறொரு நாள் அளந்தால் 140-க்குக் கீழே இறங்கக்கூடியவர்களும் ‘நோய் உண்டு, அவருக்குத் தெரியாது’ என்று பதிவாவதால், அறிந்தோர் விகிதம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஒருநாள் அளவை வைத்துத் தனிமனிதருக்கு நோயை உறுதிசெய்யலாகாது. ஒரே முறையில் எடுத்த இரு கணக்கெடுப்புகளை ஒப்பிட அது போதும்.

எனக்கு மிகவும் உறுத்துவது மருத்துவமனைப் பதிவேட்டை மக்கள்தொகையாக எடுத்துக்கொள்வது. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் 2,000 பேருக்கு நோய் இருக்கலாம் என்று கொள்வோம் (எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே). பதிவானவர் 800, கடந்த மூன்று மாதங்களில் வந்தவர் 500, அவர்களில் 350 பேருக்கு அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வந்தவர்களால் வகுத்தால் 70 விழுக்காடு, பதிவானவர்களால் வகுத்தால் 44, நோயுள்ளோரால் வகுத்தால் 17.5. வராத 300 பேரை நீக்கிவிடுவது சிறு திருத்தமாகத் தோன்றும். ஆனால் மருந்தை நிறுத்தியவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம் இருப்பார்கள். ஆகவே வராதவரைக் கட்டுப்பாட்டில் இல்லாதவராகவே எண்ண வேண்டும்.

பதிவேட்டை நம்பலாமா என்று பார்க்க எளிய வழி உண்டு. மேல் அளவுகளின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். டிஜிட்டல் கருவி காட்டியதை அப்படியே எழுதியிருந்தால் 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வரும். 0 மட்டும் பாதிப் பக்கத்தை நிறைத்தால் அளவுகளை முழுமையாக்கி எழுதியிருக்கிறார்கள். 138/88 என்பது வரிசையாக வந்து, 140-இலும் 142-இலும் ஆளே இல்லையென்றால், அந்த நிலையத்தில் விகிதம் கணக்கிடுவதை நிறுத்திவிட்டு, சில நோயாளிகளின் அழுத்தத்தை மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும்.